கரண்ட் போய் வந்தால் ஈஎஸ்பி32 சில சமயம் எழுவதே இல்லை – இறால் பண்ணை அலாரம்

பாலைக்குடி_செல்வா

வணக்கம். எங்கள் பண்ணை திருப்பாலைக்குடிப் பக்கம். கால்வாயில் இருந்து கடல் தண்ணீரை மோட்டார் வைத்து ஒரு தேக்கக் குளத்தில் ஏற்றி, அங்கிருந்து இறால் குளங்களுக்கு விடுகிறோம். காவலுக்கு இருக்கிறவர் இரவில் கண்ணயர்ந்து விட்டால் இரண்டு ஆபத்து. தேக்கக் குளம் நிரம்பி வரப்பு அரிக்கும். இல்லையென்றால் ஏரேட்டர் நின்று போனது தெரியாமல் விடியும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு ஈஎஸ்பி32 போர்டில் அலாரம் செய்தேன். சந்தையில் எங்கும் கிடைக்கிற 30 கால் போர்டுதான், டாட் போர்டில் சால்டர் செய்தது.

இணைப்பு இப்படி: தேக்கக் குளம் நிரம்பும் மட்டத்தில் ஒரு மிதவை சுவிட்ச். அதன் ஒரு வயர் 3.3 வோல்ட்டுக்கு, இன்னொன்று 12-ம் பின்னுக்கு. ஏரேட்டர் லைனில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆப்டோ, 33-ம் பின்னில். 5 வோல்ட் பஸ்ஸர் ஒன்று, பிசி547 டிரான்சிஸ்டர் வழியாக. அதன் பேஸுக்கு 1 கிலோ ஓம் போட்டு 15-ம் பின்னில்.

பிரச்சினை: கரண்ட் போய் வந்தாலோ, ஜெனரேட்டருக்கு மாற்றினாலோ, சில சமயம் போர்டு எழுவதில்லை. சிவப்பு விளக்கு எரிகிறது. என் புரோகிராம் விட்டு விட்டு எரிய வைக்கும் நீல விளக்கு எரிவதில்லை. பஸ்ஸரில் இருந்து காதை வைத்துக் கேட்டால் மட்டும் தெரிகிற அளவுக்கு ஒரு கீச்சு. போர்டில் இருக்கும் ரீசெட் பட்டனை அழுத்தினாலும் அதே நிலை. கழற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தால் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது! சார்ஜரை மாற்றினேன், போர்டையே புதிதாக வாங்கிப் போட்டேன், அப்படியேதான். லேப்டாப்பைக் குளத்துக்குக் கொண்டு போய் சீரியல் மானிட்டர் பார்த்தேன், ஒரு எழுத்துகூட வரவில்லை. யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

---

உப்புக்காற்று

தம்பி, நான் வாலிநோக்கம். உப்பளத்தில் பம்ப் கண்ட்ரோல் வேலை பார்க்கிறவன். கடலோரத்தில் எலக்ட்ரானிக்ஸ் வைத்தால் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, ஸ்க்ரூ டெர்மினலில் பச்சை பிடித்திருக்கிறதா. இரண்டு, கரண்ட் வரும்போது சார்ஜர் ஒழுங்காக 5 வோல்ட் தருகிறதா. ஏரேட்டர் மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் எடுக்கும்போது லைன் வோல்டேஜ் படுத்து விடும், சார்ஜர் திணறும், போர்டு பாதி எழுந்து விழும். 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் நடுவே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போடுங்கள். டெர்மினலைச் சுத்தம் செய்து, மேலே கன்ஃபார்மல் கோட்டிங் அடியுங்கள். எங்கள் ஊரில் பத்தில் எட்டு கோளாறு இதுதான்.

---

கோடு_பூச்சி

கெப்பாசிட்டர் எல்லாம் வேண்டாம். setup() முதல் வரியில் இதைப் போடுங்கள், சரியாகி விடும்:

```
pinMode(12, INPUT_PULLDOWN);
delay(3000);
```

கரண்ட் நிலைத்த பிறகு மற்ற வேலை ஆரம்பிக்கும்.

---

தொண்டி_ரஃபீக்

எனக்கும் இதே கதை. வீட்டு மாடித் தொட்டிக்கு நோட்எம்சியு வைத்து ரிலே போட்டேன், ரிலே D3-யில். கரண்ட் வந்தால் எழாது, ரிலேயைப் பிடுங்கினால் எழும். D5-க்கு மாற்றினேன், சரியாகி விட்டது. நீங்களும் D5-க்கு மாற்றிப் பாருங்கள்.

---

பாம்பன்_ஜெனி

செல்வா, யாரும் சொன்னதைச் செய்வதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். போர்டு எழாத நேரங்களில் தேக்கக் குளம் நிரம்பி இருந்ததா?

ரஃபீக் பாய், உங்களுடையது ஈஎஸ்பி8266. அதில் பின் எண்களும் சட்டமும் வேறு. இங்கே 5-ம் பின் வேறு சமாச்சாரம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

---

பாலைக்குடி_செல்வா

அக்கா, நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்தேன். காவல்காரர் மோட்டார் ஓட்டிய நேரத்தை நோட்டில் எழுதி வைப்பார். போர்டு செத்துக் கிடந்ததாக நான் குறித்து வைத்த இரவுகளை அதோடு ஒப்பிட்டேன். எல்லாமே தேக்கம் நிரப்பி நிறுத்திய இரவுகள். தண்ணீர் இறங்கியிருந்த நாட்களில் கரண்ட் போய் வந்தாலும் பிரச்சினை இல்லை. ஆனால் தண்ணீர் மட்டத்துக்கும் போர்டு எழுவதற்கும் என்ன சம்பந்தம்?

---

பாம்பன்_ஜெனி

நேரடிச் சம்பந்தம். ஈஎஸ்பி32-க்கு மின்சாரம் வந்ததும், உங்கள் புரோகிராமைத் தொடுவதற்கு முன்னாலேயே, சில பின்களில் வோல்டேஜ் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்து மனதில் வைத்துக் கொள்ளும். அவை 0, 2, 5, 12, 15. எப்படி எழ வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்யும். அந்த நொடி தாண்டிய பிறகு அவை சாதாரணப் பின்கள்தான். அதனால்தான் எழுந்த பிறகு குளம் நிரம்பினால் உங்கள் அலாரம் ஒழுங்காக அடிக்கிறது, எந்தச் சந்தேகமும் வருவதில்லை.

இந்த ஐந்தில் 12-தான் பொல்லாதது. புரோகிராம் இருக்கும் ஃபிளாஷ் சிப்புக்கு எத்தனை வோல்ட் கொடுப்பது என்பதை அது தீர்மானிக்கிறது. இறங்கியிருந்தால் 3.3 வோல்ட், ஏறியிருந்தால் 1.8 வோல்ட். உங்கள் போர்டில் இருக்கும் ஃபிளாஷ் 3.3 வோல்ட்டுக்கானது. 1.8 கொடுத்தால் அது பதில் சொல்லாது, புரோகிராமைப் படிக்க முடியாது, வாட்ச்டாக் திரும்ப ரீசெட் செய்யும், மறுபடி அதே. இப்படியே சுற்றிக் கொண்டிருக்கும். குளம் நிரம்பியிருந்தால் உங்கள் மிதவை மேலே போய் 12-ம் பின்னை 3.3 வோல்ட்டோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. வீட்டு மேசையில் மிதவை கீழே தொங்குகிறது, சுவிட்ச் திறந்திருக்கிறது, சிப்புக்குள்ளே இருக்கும் புல்-டவுன் அந்தப் பின்னை இறக்கி வைக்கிறது. அதனால் வீட்டில் நன்றாக எழுகிறது. புதுப் போர்டு வாங்கியும் பயனில்லாமல் போனது இதனால்தான்.

பூச்சி, நீங்கள் சொன்ன வரி ஃபிளாஷில் இருக்கிறது. ஃபிளாஷையே படிக்க முடியாத நேரத்தில் அந்த வரி எப்படி ஓடும்? எழுந்த பிறகு போட்டாலும், உள் புல்-டவுன் சுமார் 45 கிலோ ஓம். எதிரே நேராக 3.3 வோல்ட்டில் கட்டிய வயர். எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

---

கோடு_பூச்சி

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. அப்படி ரீசெட் ஆகிச் சுற்றிக் கொண்டிருந்தால் சீரியல் மானிட்டரில் ஏதாவது வந்திருக்க வேண்டும் அல்லவா? அவர் ஒரு எழுத்துகூட வரவில்லை என்கிறாரே. உங்கள் விளக்கம் இடிக்கிறது.

---

பாம்பன்_ஜெனி

நல்ல கேள்வி. அதற்குப் பதில் 15-ம் பின்னில் இருக்கிறது. ரீசெட் நேரத்தில் 15 இறங்கியிருந்தால், சிப் தொடக்கத்தில் அச்சிடும் செய்திகளை வாய்மூடி விடும். 15-க்கு உள்ளே புல்-அப் உண்டு, சும்மா விட்டால் ஏறித்தான் இருக்கும். ஆனால் செல்வா அதில் 1 கிலோ ஓம் வழியாக டிரான்சிஸ்டரின் பேஸைக் கட்டியிருக்கிறார். பேஸ் 0.6, 0.7 வோல்ட்டுக்கு மேல் ஏற விடாது. உள்ளே இருக்கும் 45 கிலோ ஓம் புல்-அப்புக்கு அதைத் தள்ளி ஏற்றுகிற பலம் கிடையாது. சிப்பின் கணக்கில் 0.8 வோல்ட்டுக்குக் கீழே என்றால் இறக்கம்தான். அதனால் செய்தி இல்லை.

இன்னொரு சாட்சியும் செல்வாவே கொடுத்திருக்கிறார், அந்தக் கீச்சு. அதே புல்-அப் வழியாக ஒரு துளி மின்னோட்டம் பேஸுக்குள் போகிறது. டிரான்சிஸ்டர் அதை நூறு, இருநூறு மடங்காக்கிப் பஸ்ஸருக்கு விடுகிறது. முழுச் சத்தத்துக்குப் போதாது, முனகலுக்குப் போதும். புரோகிராம் ஓடியிருந்தால் முதல் வேலையாக 15-ஐ இறக்கி அந்தச் சத்தத்தை நிறுத்தியிருக்கும். கீச்சு நிற்காமல் கேட்கிறது என்றால் புரோகிராம் ஆரம்பிக்கவே இல்லை.

செல்வா, குளம் நிரம்பியிருக்கும்போது 15-ல் இருந்து போகும் வயரை மட்டும் எடுத்து விட்டு, 115200 வேகத்தில் சீரியல் மானிட்டரைத் திறந்து, ரீசெட் பட்டனை அழுத்துங்கள். வருவதை அப்படியே இங்கே ஒட்டுங்கள். மிதவை வயரைத் தொடாதீர்கள்.

---

பாலைக்குடி_செல்வா

அக்கா, வந்து விட்டது! நிற்காமல் இதே ஓடிக் கொண்டிருக்கிறது:

```
rst:0x10 (RTCWDT_RTC_RESET),boot:0x33 (SPI_FAST_FLASH_BOOT)
flash read err, 1000
ets_main.c 371
ets Jun  8 2016 00:22:57
```

மிதவையைக் கையால் அமுக்கித் தண்ணீருக்குள் வைத்துக் கொண்டு ரீசெட் அழுத்தினேன். உடனே எழுந்து விட்டது. அப்போது வந்த வரி:

```
rst:0x1 (POWERON_RESET),boot:0x13 (SPI_FAST_FLASH_BOOT)
```

---

பாம்பன்_ஜெனி

இதற்கு மேல் சாட்சி வேண்டாம். boot: என்பதற்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் படிக்கப் பழகிக் கொள்ளுங்கள், பாதி நேரம் மிச்சம். அந்த ஒரு தடவை பார்த்ததைத்தான் சிப் அந்த எண்ணில் எழுதி வைக்கிறது. ஒவ்வொரு பின்னுக்கும் அதில் ஓர் இடம் உண்டு. 0x13 என்றால் 0, 5, 15 ஆகிய மூன்றும் ஏறியிருந்தன, மற்றவை இறங்கியிருந்தன. ஒன்றும் கட்டாத போர்டில் வருவதும் இதுவே. 0x33-ல் இருந்து 0x13-ஐக் கழித்தால் 0x20. அது 12-ம் பின்னின் இடம். 0x10 என்கிற இடம் 0-ம் பின்னுடையது. அது இறங்கியிருந்தால் 0x03 என்று வரும், கூடவே புரோகிராம் ஏற்றக் காத்திருப்பதாக waiting for download என்றும் வரும். போர்டைப் பிரிக்காமலேயே எந்த வயர் வம்பு செய்கிறது என்று தெரிந்து விடும்.

இப்போது மாற்றம். மிதவையை 27-க்குக் கொண்டு போங்கள். 30 கால் போர்டில் 12-க்கு மேலே 14, அதற்கு மேலே 27, இரண்டு துளை தள்ளி. எழும் நேரத்தில் 27-ஐச் சிப் பார்ப்பதே இல்லை. ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் கவலை இல்லை. பஸ்ஸரை 26-க்கு மாற்றுங்கள். அங்கே ரீசெட் நேரத்தில் உள் புல்-அப் கிடையாது, கீச்சும் போகும். டிரான்சிஸ்டரின் பேஸில் இருந்து தரைக்கு ஒரு 10 கிலோ ஓம் போட்டால் அந்தரத்தில் நிற்காது.

34, 35-க்கு மட்டும் பஸ்ஸரை மாற்றி விடாதீர்கள். 34-ல் இருந்து 39 வரை உள்ளீடு மட்டும்தான், வெளியே எதையும் ஓட்டாது. உள்ளே புல்-அப், புல்-டவுனும் கிடையாது. 6-ல் இருந்து 11 வரை ஃபிளாஷோடு கட்டியவை, அந்தப் பக்கமே போக வேண்டாம். 30 கால் போர்டில் அவை வெளியே வருவதில்லை, 38 கால் போர்டில் வரும், பார்க்கச் சும்மா இருக்கிற மாதிரித் தோன்றும்.

---

உப்புக்காற்று

ஜெனி சொன்னதில் தப்பில்லை. ஆனால் உப்பை ஒரேயடியாகத் தள்ளி விடாதீர்கள். செல்வாவின் மிதவை டெர்மினலில் உப்பு ஈரம் படிந்திருந்தால் சுவிட்ச் திறந்திருந்தாலும் 3.3-ல் இருந்து பின்னுக்குக் கசியுமே?

---

பாம்பன்_ஜெனி

கசியும், அண்ணே, அதைத் தள்ளவில்லை. கணக்குப் போட்டே பார்க்கலாம். உள் புல்-டவுன் 45 கிலோ ஓம். டெர்மினலில் உப்புப் படிவின் தடை 15 கிலோ ஓம் என்று வையுங்கள். பின்னில் 3.3 × 45 ÷ 60, சுமார் 2.5 வோல்ட் நிற்கும். சிப் அதை ஏறியது என்றே எடுத்துக் கொள்ளும். கசிவு 135 கிலோ ஓம் ஆனால் சுமார் 0.8 வோல்ட், இறக்கத்தின் எல்லை. இரண்டுக்கும் நடுவே இருந்தால் ஒரு தடவை அப்படி, ஒரு தடவை இப்படி. மழைக்காலத்தில், வாடைக்காற்றில், குளத்தோரப் பெட்டிக்குள் இப்படி ஒரு படிவு வருவது அதிசயமில்லை. அப்போது குளம் வற்றியிருந்தாலும் போர்டு எழாது, காரணம் பிடிபடவே படாது.

12-ல் இருந்து எடுத்து விட்டால் அந்தக் கசிவு எழுவதைத் தடுக்காது. ஆனால் குளம் நிரம்பாமலே நிரம்பியதாகக் காட்டும். அதனால் சுவிட்சைக் கட்டும் விதத்தையும் மாற்றச் சொல்கிறேன். 27-ல் இருந்து 3.3 வோல்ட்டுக்கு வெளியே ஒரு 4.7 கிலோ ஓம். சுவிட்ச் 27-க்கும் தரைக்கும் நடுவே. இப்போது படிவு 15 கிலோ ஓம் வரை கசிந்தாலும் பின்னில் 2.5 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும், ஏறியது என்றே படிக்கும். உள் புல்-அப்பை மட்டும் நம்பியிருந்தால் அதே கசிவில் 0.8-க்கு வந்து விடும். குளத்துக்கு எத்தனை மீட்டர் வயர், செல்வா?

---

பாலைக்குடி_செல்வா

இருபது மீட்டருக்குக் கிட்ட வரும் அக்கா. ஏரேட்டர் கேபிளோடு ஒரே குழாயில்தான் போகிறது.

---

பாம்பன்_ஜெனி

அப்படியென்றால் 4.7 கிலோ ஓம் கட்டாயம். மோட்டார் கேபிளில் இருந்து வரும் இரைச்சல் 45 கிலோ ஓமை ஆட்டி விடும். பின்னுக்குப் பக்கத்தில் தரைக்கு 100 நானோஃபாரட் ஒன்றும், வரும் வயரில் தொடராக 470 ஓம் ஒன்றும் போடுங்கள். குழாயைப் பிரிக்க முடிந்தால் அதுவும் நல்லது. கோடில் இவ்வளவுதான்:

```
const int FLOAT_PIN = 27;   // LOW = குளம் நிரம்பியது
const int BUZZER    = 26;

void setup() {
  digitalWrite(BUZZER, LOW);
  pinMode(BUZZER, OUTPUT);
  pinMode(FLOAT_PIN, INPUT);
}
```

முன்பு HIGH என்றால் நிரம்பியது, இப்போது LOW. loop() உள்ளே மாற்ற மறந்தால் குளம் வற்றும்போது அலாரம் அடிக்கும்.

---

தொண்டி_ரஃபீக்

இந்த மிதவையைப் பூட்டுக் கழற்றித் தலைகீழாகப் போட்டால் திறப்பதும் மூடுவதும் மாறும். வயரை மாற்றாமல் அதைச் செய்தால் போதாதா?

---

பாம்பன்_ஜெனி

மாறும் பாய். அப்போது குளம் நிரம்பிய இரவில் எழும், வற்றிய இரவில் எழாது. வம்பு இடம் மாறுமே ஒழியப் போகாது.

உங்கள் முந்தைய பதிவுக்கும் பாக்கி இருக்கிறது. ஈஎஸ்பி8266-ல் எழும்போது 0-ம் 2-ம் ஏறியிருக்க வேண்டும், 15 இறங்கியிருக்க வேண்டும். நோட்எம்சியுவில் அச்சிட்டிருக்கும் D3, D4, D8 அவைதான். உங்கள் ரிலே D3-ஐ இறக்கிப் பிடித்திருக்கும். 32-க்கு மாறுகிறபோது அந்தப் பழக்கத்தைக் கொண்டு வராதீர்கள். இங்கே 15 இறங்கினால் வாய் மூடுவதோடு சரி, எழுவதைத் தடுக்காது. 2-ல் எதையாவது ஏற்றிக் கட்டினால் இன்னும் வேடிக்கை. போர்டு நன்றாக ஓடும், ஆனால் புதுப் புரோகிராம் ஏற்ற முடியாது, ஏனென்றால் ஏற்றும்போது 0-ம் 2-ம் இரண்டும் இறங்கியிருக்க வேண்டும். கேபிளைக் குறை சொல்லிப் புதிதாக வாங்கிக் கொண்டிருப்பார்கள்.

---

தேவிபட்டினம்_பாலு

இந்த இழையைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. நான் பாசி வளர்ப்புக்குத் தண்ணீர் வெப்பம் அளக்கச் சில பிசிபி அடித்து வைத்திருக்கிறேன். டிஎஸ்18பி20 சென்சார், 4.7 கிலோ ஓம் புல்-அப், எல்லாம் 12-ம் பின்னில். சால்டரிங் முடிந்து விட்டது. நேற்று முதல் தடவை போட்டேன், அதே flash read err. எங்கோ படித்தேன், இந்தக் கட்டளை கொடுத்தால் 12-ஐச் சிப் கண்டுகொள்ளாது என்று:

```
espefuse.py --port /dev/ttyUSB0 set_flash_voltage 3.3V
```

செய்யலாமா? எல்லாப் போர்டுக்கும் ஒரே தடவையில் முடிந்து விடும்.

---

கோடு_பூச்சி

செய்யுங்கள். நான் செய்திருக்கிறேன், இன்று வரை ஓடுகிறது. ஃபியூஸ் எரித்து விட்டால் ஃபிளாஷ் வோல்டேஜ் நிரந்தரமாக 3.3, அப்புறம் 12 எல்லாப் பின் மாதிரி.

---

பாம்பன்_ஜெனி

வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் எரித்த ஃபியூஸைத் திருப்ப முடியாது. உங்கள் மாட்யூலில் இருக்கும் ஃபிளாஷ் 3.3 வோல்ட் என்பது உறுதியாகத் தெரிய வேண்டும். பழைய ரோவர் வகை மாட்யூல்களில் சிலவற்றில் 1.8 வோல்ட் ஃபிளாஷ் உண்டு, அங்கே 12-ஐ வேண்டுமென்றே ஏற்றிக் கட்டியிருப்பார்கள். அதில் இதைக் கொடுத்தால் ஃபிளாஷுக்கு 3.3 போகும். முதலில் பார்க்க மட்டும் செய்யுங்கள், இது எதையும் எரிக்காது:

```
espefuse.py --port /dev/ttyUSB0 summary
```

எனக்கு இருக்கும் தயக்கம் வேறு. நாளைக்கு ஒரு போர்டு கெட்டு, கடையில் புது மாட்யூல் வாங்கி மாற்றுகிறவருக்கு இந்த ஃபியூஸ் கதை தெரியாது. போட்டதும் எழாது. பிசிபியில் கோளாறு அப்படியேதான் இருக்கிறது, ஒரு சிப்பை மட்டும் சமாதானப்படுத்தியிருக்கிறீர்கள்.

உங்களுக்குக் குறைந்த வேலையில் ஒரு வழி இருக்கிறது. 4.7 கிலோ ஓமின் 3.3 வோல்ட் பக்கக் காலை மட்டும் தூக்குங்கள். அதில் ஒரு சின்ன வயர் வைத்து 13-ம் பின்னுக்கு இழுங்கள். பிசிபியில் 13 சும்மா இருக்கிறதா?

---

தேவிபட்டினம்_பாலு

சும்மாதான் இருக்கிறது. ஆனால் அதனால் என்ன ஆகும்? புரியவில்லை.

---

பாம்பன்_ஜெனி

எழும் நேரத்தில் 13 எதையும் ஏற்றாது. அதனால் புல்-அப்புக்கு மேலே வோல்டேஜ் இல்லை, 12 உள் புல்-டவுனால் இறங்கி நிற்கும். டிஎஸ்18பி20 தன் டேட்டா காலை இறக்க மட்டும்தான் தெரிந்தது, தானாக ஏற்றாது, அதனால் அதுவும் குறுக்கே வராது. புரோகிராம் ஓடத் தொடங்கியதும் 13-ஐ OUTPUT ஆக்கி HIGH செய்யுங்கள், அப்புறம் சென்சாரைத் தேடச் சொல்லுங்கள். புல்-அப் அப்போதுதான் உயிர் பெறும். அது எடுப்பது ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவு, பின் தாங்கும். 14-ஐ இதற்கு எடுக்காதீர்கள், அதற்கு உள்ளே புல்-அப் உண்டு.

சென்சாரின் மின்சாரக் கால் 3.3-லேயே இருக்கட்டும். இரண்டு வயரில் ஓட்டுகிற முறையில் கட்டியிருந்தால் இந்த வித்தை ஆகாது.

---

கோடு_பூச்சி

எனக்கு இன்னும் ஃபியூஸ்தான் சரி என்று படுகிறது. தூக்கிய காலும் தொங்கும் வயரும் கடற்கரையில் எத்தனை நாள் தாங்கும்? அலையில் ஆடும் மிதப்பில் வைக்கப் போகிறார். ஃபியூஸுக்குத் துரு பிடிக்காது.

---

உப்புக்காற்று

இதில் நான் பூச்சி பக்கம். வயரைப் பசை வைத்து ஒட்டிக் கோட்டிங் அடித்தாலும் சால்டர் மூட்டு மூட்டுதான். பெட்டியின் உள்மூடியில் மார்க்கரால் “ஃபியூஸ் எரித்த மாட்யூல்” என்று எழுதி வைத்தால் ஜெனியின் கவலையும் தீரும்.

---

பாம்பன்_ஜெனி

எழுதி வைப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. போர்டு பாலுவுடையது, அவர் பார்த்து முடிவு செய்யட்டும். அடுத்த தடவை பிசிபி அடிக்கும்போது மட்டும் சென்சார் கோட்டை 12-ல் இருந்து 27-க்கோ 33-க்கோ திருப்பி விடுங்கள். புது சிப்புக்கு மாறுவதாக இருந்தால் இந்த எண்களை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். சி3-யில் பார்க்க வேண்டியவை 2, 8, 9. எஸ்3-யில் 0, 3, 45, 46.

---

தேவிபட்டினம்_பாலு

ஒரு போர்டில் காலைத் தூக்கிப் பார்த்தேன், எழுந்து விட்டது, வெப்பமும் வருகிறது. மற்றவற்றை என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. summary போட்டதில் ஃபிளாஷ் வோல்டேஜை 12-ம் பின் முடிவு செய்கிறது என்றே காட்டுகிறது, அதாவது ஃபியூஸ் எதுவும் எரிக்கவில்லை.

---

பாலைக்குடி_செல்வா

மாற்றி விட்டேன். மிதவை 27-ல், 4.7 கிலோ ஓமோடு, சுவிட்ச் தரைக்கு. பஸ்ஸர் 26-ல், கீச்சு போய் விட்டது. தேக்கம் வரப்பு வரை நிரம்பியிருக்கும்போது மெயினை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் 0x13, நீல விளக்கு உடனே வருகிறது.

ஆனால் இப்போது சீரியலில் எல்லாம் தெரிகிறதால் புதிதாக ஒன்று கண்ணில் பட்டது. ஜெனரேட்டருக்கு மாற்றி ஏரேட்டர்கள் எடுக்கும்போது போர்டு ஒரு தடவை தானாக ரீசெட் ஆகிறது. எழுந்து விடுகிறது, ஆனால் இந்த வரி வருகிறது:

```
rst:0xf (RTCWDT_BROWN_OUT_RESET),boot:0x13 (SPI_FAST_FLASH_BOOT)
```

---

உப்புக்காற்று

இதோ வந்து விட்டது என் ஆள்! வோல்டேஜ் படுக்கிறது தம்பி. கெப்பாசிட்டர் போடச் சொன்னேனே, போட்டீர்களா? சார்ஜரில் இருந்து போர்டுக்கு வரும் வயர் எவ்வளவு நீளம், எத்தனை கேஜ்? அதையும் டெர்மினல் படத்தையும் போடுங்கள்.

---

பாலைக்குடி_செல்வா

கெப்பாசிட்டர் இன்னும் போடவில்லை அண்ணே. வயர் பழைய டெலிபோன் கேபிள், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் சார்ஜரில் இருந்து வருகிறது. நாளைக்கு அளந்து படத்தோடு போடுகிறேன்.

---

உப்புக்காற்று

டெலிபோன் கேபிளா! அளக்கவே வேண்டாம், முதலில் அதை மாற்றுங்கள்.